பத்து முட்டை கேட்கும் மகனைப் பற்றி

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஜிம்முக்குப் போகும் மகன் உடம்பு வளர்க்க ஒரு நாளைக்குப் பத்து முட்டை கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டைக்கு ஆகும் செலவு, அவரின் பிடிவாதம் எல்லாம் விளங்குகிறது. ஆனால் என்னை நிறுத்தியது கடைசியில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான்: உங்கள் தகப்பனார் 48 வயதில் மாரடைப்பில் போனவர், நீங்களும் கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிறீர்கள். ஆகவே முட்டைக் கணக்குக்கு முன்னால் மகனுக்கு ஒருமுறை இரத்தத்தில் கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுங்கள். பரம்பரையாக வரும் அதிக கொலஸ்ட்ரோல் மெலிந்த பிள்ளைகளிலும் இருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது.

அதுவரை ஒரு நாளைக்கு இரண்டு முட்டை போதும். அறிக்கை சரியாக வந்தால் மூன்றுக்குப் போகலாம்.

பத்து முட்டை நஞ்சு அல்ல. அதில் கிட்டத்தட்ட 60 கிராம் புரதம் கிடைக்கும், உண்மைதான். கூடவே 1800 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரோலும் சேரும். அதோடு, வயிறு முட்டையாலேயே நிறைந்தால் மற்றச் சாப்பாடு உள்ளே போகாது. முட்டையில் நார்ச்சத்தும் இல்லை, விற்றமின் சியும் இல்லை.

56 கிலோ எடையுள்ள, ஜிம்முக்குப் போகும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் தாராளம். திருகோணமலையில் இருந்துகொண்டு அதற்கு முட்டையை மட்டும் நம்புவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது! மத்தியானம் சூரையோ பாரையோ இரண்டு நல்ல துண்டு மீன், காலையில் அவித்த பயறு ஒரு கோப்பை, பின்னேரம் கச்சான் ஒரு கைப்பிடி, இரவில் பருப்பு, ஒரு கோப்பைத் தயிர். இரண்டு மூன்று முட்டையோடு கணக்கு முடிந்துவிடும். டின்னில் வரும் புரத மாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கிருமித் தொற்று ஒரு பக்கம். பச்சையாகக் குடித்தால் அதன் புரதத்தில் பாதியளவுதான் உடலில் சேரும், அவித்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். உடம்பு வளர்க்க நினைப்பவருக்கு இதைச் சொன்னால் போதும், நீங்கள் ஏச வேண்டியிராது.

சோற்றை விட்டுவிட்டார் என்று சந்தோசமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பாரம் தூக்க மாச்சத்து வேண்டும். அது இல்லாவிட்டால் சாப்பிடும் புரதத்தையே உடம்பு எரித்துவிடும். சிவப்பரிசிச் சோறோ பிட்டோ திரும்பத் தட்டுக்கு வரட்டும்.

அறிக்கை வந்ததும் வியாழன் பின்னேரம் வாருங்கள். தம்பியையும் கூட்டிவாருங்கள். முதல் பத்து நிமிடம் நான் அவரோடு தனியாகக் கதைக்க வேண்டும், நீங்கள் வெளியே இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
போசாக்கு ஆலோசகர்,
திருகோணமலை