முன்பதிவு மேசை: தொலைபேசியில் பேசும் முறை

கொடைக்கானல் ஏரிச்சாலை விடுதி, ஏப்ரல்–மே சீசனுக்கு

மூன்றாவது மணிக்குள் எடுங்கள். வெறும் "ஹலோ" வேண்டாம்.

"வணக்கம், கொடைக்கானல் ஏரிச்சாலை விடுதி, முன்பதிவுப் பிரிவு. செல்வி பேசுறேன், சொல்லுங்க." அவரவர் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். குரலை வைத்து சார் என்றோ மேடம் என்றோ ஊகிக்காதீர்கள்; முதலில் பெயரைக் கேளுங்கள்.

காத்திருக்கச் சொல்லும்போதுதான் நாம் அதிகம் தவறுகிறோம். "இருங்க" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேசையில் வைத்தால், நாம் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். அனுமதி கேட்டு, பதில் வந்த பிறகே ஹோல்ட் பட்டனை அழுத்துங்கள்:

"மே 10, 11 ரூம் இருக்கான்னு பார்த்துச் சொல்றேன். ஒரு நிமிஷம் லைன்ல இருக்கீங்களா?"

ஒரு நிமிடம் தாண்டினால்: "காக்க வச்சதுக்கு மன்னிக்கணும். இன்னும் கொஞ்ச நேரமாகும். இருக்கீங்களா, நானே கூப்பிடட்டுமா?" கூப்பிடுகிறேன் என்றால் கூப்பிட வேண்டும்.

கட்டணத் தகராறு, பணம் திரும்பப் பெறுவது இரண்டும் மேலாளருக்கு. "மேலாளர்கிட்ட இணைக்கிறேன். லைன் கட்டானா கூப்பிட உங்க நம்பர் சொல்லுங்க." விஷயத்தை மேலாளரிடம் சொல்லிவிட்டு இணைப்பைக் கொடுங்கள், வாடிக்கையாளர் முதலிலிருந்து கதை சொல்லும்படி ஆகக்கூடாது.

முடிக்கும்போது தேதி, அறை, ஆட்கள், முன்பணம் எல்லாம் திருப்பிச் சொல்லுங்கள். அப்புறம் இதையும்: "வண்டியில வந்தா இ-பாஸ் எடுத்துட்டு வாங்க. ரயில்ல வந்தா, கொடை ரோடு ஸ்டேஷன்ல இருந்து மலைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கு."

"வேற ஏதாவது வேணுங்களா? கூப்பிட்டதுக்கு நன்றி."

அவர் வைத்த பிறகு நீங்கள் வையுங்கள்.