இரு மூலங்கள் கொண்ட மாறுதிசைச் சுற்று: கண்ணி மின்னோட்ட முறையில் முழுத் தீர்வு

கணக்கு: A, B என்னும் இரு கணுக்களுக்கு இடையே மூன்று கிளைகள் பக்க இணைப்பில் உள்ளன. இடக் கிளையில் 100 V மாறுதிசை மூலமும் 10 Ω மின்தடையும் 31.8 mH மின்தூண்டியும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. நடுக் கிளையில் 318 μF மின்தேக்கி மட்டும் உள்ளது. வலக் கிளையில் 50 V மூலம், 10 Ω மின்தடை, 63.7 mH மின்தூண்டி ஆகியவை தொடராக உள்ளன. இரு மூலங்களும் 50 Hz அதிர்வெண்ணில் இயங்குகின்றன. இரண்டின் நேர்முனைகளும் A கணுவை நோக்கி அமைந்துள்ளன. இரண்டாம் மூலம் முதல் மூலத்தை விடக் கட்டத்தில் 90° முந்தியுள்ளது. தரப்பட்ட மின்னழுத்தங்கள் பயனுறு மதிப்புகள். ஒவ்வொரு கிளையிலும் பாயும் மின்னோட்டத்தையும், மின்தேக்கியின் மின்னழுத்தத்தையும், ஒவ்வொரு மூலமும் தரும் திறனையும் காண்க.

தீர்வு: இரு மூலங்களுக்கும் அதிர்வெண் ஒன்றே என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதிர்வெண்கள் வேறுபட்டிருந்தால் ஒரே மின்தூண்டிக்கு இரண்டு மின்மறுப்புகள் இருக்கும்; அப்போது ஒரே சமன்பாட்டில் இரு மூலங்களையும் எழுத முடியாது, ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியே தீர்த்து, கிடைக்கும் மின்னோட்டங்களை நேரச் சார்புகளாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. கோண அதிர்வெண் ω = 2π × 50 = 314.16 rad/s. எனவே முதல் மின்தூண்டியின் மின்மறுப்பு 10 Ω, இரண்டாவதன் மின்மறுப்பு 20 Ω, மின்தேக்கியின் மின்மறுப்பு 10 Ω (மூன்றும் முழு எண்ணுக்குத் திருத்தப்பட்டவை). மின்தடையை மெய்ப்பகுதியாகவும் மின்மறுப்பைக் கற்பனைப் பகுதியாகவும் கொண்டு, மின்தூண்டிக்கு +j, மின்தேக்கிக்கு −j என எழுதினால் மூன்று கிளைகளின் மின்னெதிர்ப்புகளும் மூலங்களின் கட்ட வெக்டர்களும் பின்வருமாறு அமையும்.

```
Z1 = 10 + j10    Z2 = 10 + j20    Z3 = −j10
V1 = 100         V2 = j50
```

இவ்வாறு கலப்பெண்ணாக எழுதும் வழக்கத்தை 1893 ஆம் ஆண்டு சிகாகோ மின்னியல் மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் எடுத்துரைத்தார். வகைக்கெழுச் சமன்பாடுகளோடு போராட வேண்டிய வேலையை இயற்கணிதமாகச் சுருக்கியது அதுவே.

இடக் கண்ணியில் I1, வலக் கண்ணியில் I2 என இரண்டு கண்ணி மின்னோட்டங்களையும் கடிகார முள் திசையில் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சுழற்சித் திசையைத் தேர்ந்தால், பொதுக் கிளையான மின்தேக்கியில் அவை எதிரெதிராகப் பாயும். ஆகவே A-யிலிருந்து B-க்கு மின்தேக்கி வழியே செல்லும் மின்னோட்டம் I1 − I2 ஆகும். I1 தன் மூலத்தின் நேர்முனையிலிருந்து வெளியேறுகிறது. I2 அப்படியன்று, அது இரண்டாம் மூலத்தின் நேர்முனைக்குள் நுழைகிறது. எனவே V2 வலப்புறச் சமன்பாட்டில் குறைக்குறியுடன் வரும். விடைத்தாள்களில் மிகுதியாகத் தவறும் இடம் இதுவே என்பதால், சமன்பாட்டை எழுதும் முன் படத்தில் அம்புக்குறிகளை இட்டுக்கொள்வது நல்லது.

கிர்க்காஃப் மின்னழுத்த விதியை இரு கண்ணிகளுக்கும் பயன்படுத்த,

```
(Z1 + Z3) I1 − Z3 I2 = V1
−Z3 I1 + (Z2 + Z3) I2 = −V2
```

என்று கிடைக்கும். எண்களைப் பதிலிடும்போது இடக் கண்ணியின் மொத்த மின்னெதிர்ப்பில் +j10, −j10 இரண்டும் நீங்கிவிடுகின்றன. அதாவது இடக் கண்ணி தனியாக ஒத்ததிர்வு நிலையில் உள்ளது.

```
10 I1 + j10 I2 = 100
j10 I1 + (10 + j10) I2 = −j50
```

கிரேமர் விதிப்படி கெழுக்களின் அணிக்கோவை:

```
Δ  = 10(10 + j10) − (j10)(j10) = 200 + j100
Δ1 = 100(10 + j10) − (j10)(−j50) = 500 + j1000
Δ2 = 10(−j50) − (j10)(100) = −j1500
```

முதல் வரியில் (j10)(j10) என்பது −100. அதன் முன்னுள்ள குறைக்குறியால் அது +100 ஆகிறது. இரண்டாம் வரியில் (j10)(−j50) என்பது +500 என்பதையும் கவனிக்க. இனி ஒவ்வொன்றையும் Δ-ஆல் வகுக்க, தொகுதியையும் பகுதியையும் பகுதியின் இணைக் கலப்பெண்ணால் பெருக்கினால் போதும்.

```
I1 = (5 + j10)/(2 + j1) = 4 + j3 A
I2 = −j15/(2 + j1) = −3 − j6 A
```

I1-இன் மட்டு மதிப்பு 5 A, கோணம் 36.87°. I2-இன் மட்டு மதிப்பு √45 = 6.71 A. அதன் கோணத்தைக் காண்பதில் சற்று நிதானம் தேவை: −6/−3 என்று கணிப்பானில் இட்டு நேர்மாறு டேஞ்சன்ட் எடுத்தால் 63.43° என்று காட்டும், ஆனால் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் குறை எண்களாக இருப்பதால் வெக்டர் மூன்றாம் கால்பகுதியில் உள்ளது. சரியான கோணம் −116.57°.

மின்தேக்கியின் மின்னோட்டமும் மின்னழுத்தமும்:

```
I3 = I1 − I2 = 7 + j9 A       (11.40 A, 52.13°)
VC = (−j10)(7 + j9) = 90 − j70 V   (114.02 V, −37.87°)
```

மின்தேக்கியின் மின்னழுத்தம் இரு மூலங்களின் மின்னழுத்தத்தையும் விட அதிகமாக இருப்பது பிழையன்று. மின்தூண்டியும் மின்தேக்கியும் ஆற்றலைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்குவதால் நேர்மின்னோட்டச் சுற்றில் காணாத இந்நிலை இங்கே இயல்பாகவே வருகிறது. ஆய்வகத்தில் இச்சுற்றை அமைப்பவர் மின்தேக்கியைத் தேரும்போது 114 V-ஐ மட்டும் பார்க்காமல் அதன் உச்ச மதிப்பான 161 V-ஐக் கருத வேண்டும். நேர்மின்னோட்டத்துக்கு உரிய முனைவுள்ள எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியை இங்கே பயன்படுத்தவே கூடாது.

சரிபார்க்க, அதே மின்னழுத்தத்தை மற்ற இரு கிளைகளின் வழியாகவும் கணக்கிடலாம். இடப்புறம் V1 − Z1 I1 = 100 − (10 + j70) = 90 − j70. வலப்புறம் V2 + Z2 I2 = j50 + (90 − j120) = 90 − j70. மூன்று வழிகளும் ஒரே விடையைத் தருகின்றன.

முதல் மூலத்தின் மின்னழுத்தம் v1 = 141.4 sin 314t எனில், மின்தேக்கியின் மின்னோட்டம் நேரச் சார்பாக i3 = 16.12 sin(314t + 52.13°) A ஆகும்.

திறனைக் கணக்கிட மின்னழுத்தத்தை மின்னோட்டத்தின் இணைக் கலப்பெண்ணால் பெருக்க வேண்டும். இரண்டாம் மூலத்தின் நேர்முனையிலிருந்து வெளியேறும் மின்னோட்டம் I2 அன்று, −I2 = 3 + j6 ஆகும்.

```
S1 = 100(4 − j3) = 400 − j300
S2 = j50(3 − j6) = 300 + j150
```

இரண்டு மூலங்களும் சுற்றுக்கு மெய்த்திறனை வழங்குகின்றன: முதலாவது 400 W, இரண்டாவது 300 W. I2 குறை மதிப்பில் வந்ததைப் பார்த்து இரண்டாம் மூலம் திறனை உறிஞ்சுகிறது என்று முடிவுகட்டினால் விடை தலைகீழாகிவிடும். மின்தடைகளில் செலவாகும் திறன் 25 × 10 + 45 × 10 = 700 W; மூலங்கள் தந்த 700 W-உடன் இது பொருந்துகிறது. எதிர்வினைத் திறனிலும் அவ்வாறே: மின்தூண்டிகள் 25 × 10 = 250, 45 × 20 = 900 வார் பெறுகின்றன, மின்தேக்கி 130 × 10 = 1300 வார் தருகிறது; நிகர மதிப்பு −150 வார். மூலங்களின் பக்கத்தில் −300 + 150 என்பதும் −150 வார் தான்.