முதலாண்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வார்டன் எழுதும் கடிதம்

மாணவியர் விடுதி,
பாளையங்கோட்டை.

அன்புள்ள பிள்ளைகளுக்கும், அவர்களைவிடப் பதற்றமாக இருக்கும் அம்மா அப்பாக்களுக்கும்,

வணக்கம், வாங்க. ராதாபுரம், திசையன்விளை, களக்காடு, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் என்று நாலா பக்கமிருந்தும் இந்த வருஷம் பிள்ளைகள் வருகிறார்கள். பலருக்கு வீட்டை விட்டு வெளியே தங்குவதே இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது, ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து அறை கொடுப்போம். விதிமுறைத் தாளை அட்மிஷன் அன்றே கையில் கொடுத்துவிட்டோம், அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அதில் இல்லாத விஷயங்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்று வாரம் பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்து ஊர்தானே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடும் என்று தோன்றும், ஆனால் அப்படி ஒரு தடவை வந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிளம்பும்போது முதல் நாளைவிட அதிகமாக அழும், அதைப் பார்த்து நீங்களும் அழுவீர்கள், அடுத்த வெள்ளியும் இதே கதைதான். மூன்று வாரம் இங்கேயே இருந்துவிட்டால் அறைத் தோழிகள், மெஸ் அக்கா, மொட்டை மாடி, கோவிலுக்கோ சர்ச்சுக்கோ சேர்ந்து போக ஒரு கூட்டம் எல்லாம் தானாக அமைந்துவிடும். பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் ஞாயிறு பத்து மணிக்கு மேல் நீங்கள் வாருங்கள், ஆச்சியையும் கூட்டி வாருங்கள், வரவேற்பு அறையில் உட்கார்ந்து நாலு மணி வரை பேசிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது போன். ராத்திரி எட்டு மணிக்கு வராந்தாவில் அந்தக் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பிள்ளை உங்களிடம் அழும், சோறு பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, கூட இருப்பவள் பேசவே மாட்டேன் என்கிறாள் என்று சொல்லும். போனை வைத்துவிட்டு முகம் கழுவி, ஒன்பது மணிக்கு அதே ‘பேசாத’ பிள்ளையோடு கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கும். ஊரில் நீங்கள்தான் விடிய விடிய முழித்துக் கிடப்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசினால் போதும், சாப்பிட்டியா என்பதோடு நிறுத்தாமல் இன்றைக்கு யாரோடு பேசினாய் என்றும் கேளுங்கள். அதே சமயம், தொடர்ந்து சாப்பிடவில்லை, யாரோடும் சேரவில்லை, குரலே மாறிப்போயிருக்கிறது என்று உங்களுக்குப் பட்டால் நேரம் காலம் பார்க்காமல் என்னைக் கூப்பிடுங்கள். பெற்ற தாய்க்குத் தெரிவது வார்டனுக்குத் தெரியாது. எனக்குச் சொல்லாமல் நேரே வேன் பிடித்து வந்து நிற்பதுதான் சிரமம்.

பிள்ளைகளா, இனி உங்களிடம். அறைக்கு மூன்று பேர், இரும்புக் கட்டிலும் மேஜையும் இருக்கும், மெத்தை நீங்கள் கொண்டுவர வேண்டும். வாளி, கப், தட்டு, டம்ளர், நல்ல பூட்டு ஒன்று, அதற்கு இரண்டு சாவி. வாளியில் பெயர் எழுதாவிட்டால் இரண்டாம் நாள் அது உங்கள் வாளி இல்லை. நெயில் பாலிஷில் எழுதினால் சீக்கிரம் அழியாது என்பது சீனியர் அக்காமார் கண்டுபிடிப்பு. ஹீட்டர் ராடு, கெட்டில், அயர்ன் பாக்ஸ் மூன்றும் கூடாது, பெட்டியைத் திறந்து பார்ப்பேன், வருத்தப்படக் கூடாது. வீட்டுப் பலகாரம் கொண்டு வாருங்கள், ஆனால் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், இங்கே எறும்புக்கும் மோப்பம் அதிகம்.

குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது, குளிக்கப் போர்த் தண்ணீர். அது கொஞ்சம் உப்பு, முடி கொட்டுகிறது என்று முதல் மாதம் எல்லோரும் சொல்வார்கள். காலை ஆறரைக்கு மேல் குளியலறையில் வரிசை நிற்கும், ஐந்தரைக்கு எழுகிறவளுக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

சாப்பாடு பற்றி நேர்மையாகச் சொல்கிறேன், அம்மா கை ருசி வராது. இட்லி சில நாள் கல்லாக இருக்கும், அன்றைக்கு நானும் அதைத்தான் தின்பேன். புதன்கிழமை சொதி, சனிக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், இந்த இரண்டு நாளும் வெளியே சாப்பிடக் கிளம்புகிற பிள்ளை யாரும் கிடையாது. ஞாயிறு கோழி, வேண்டாதவர்களுக்குப் பனீர். மெஸ் கணக்கு டிவைடிங் முறை, மாதச் செலவை ஆள் கணக்கில் பிரிப்போம், பில்லை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். மெஸ் கமிட்டியில் முதலாண்டுக்கும் இரண்டு இடம் உண்டு. குறை சொல்கிற பிள்ளைகள் அதில் சேர்ந்து ஒரு நாள் பாளை மார்க்கெட்டில் காய்கறி விலை கேட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

ராகிங் விஷயத்தில் மட்டும் எனக்கு விளையாட்டே கிடையாது. தமிழ்நாட்டில் 1997லிருந்தே அது குற்றம், இரண்டு வருஷம் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாட்டுப் பாடு, டான்ஸ் ஆடு, ரெக்கார்டு எழுதிக் கொடு என்று யாராவது சொன்னால் ‘சும்மா ஜாலிக்கு’ என்று விட்டுவிடாமல் என்னிடம் வாருங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் கதவைத் தட்டுங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522, தேசிய உதவி எண், கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம், பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். இந்த எண்ணைப் பெற்றோரும் குறித்துக்கொள்ளுங்கள். சீனியர்கள் எல்லோரும் அப்படி இல்லை, நோட்ஸ் கொடுப்பதும் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் அவர்கள்தான்.

காய்ச்சல் என்றதும் நினைவு வருகிறது. உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள், அலுவலகத்தில் சொல்லுங்கள். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி பக்கம்தான், கூட ஒரு அக்கா வருவார், வீட்டுக்கும் நாங்களே தகவல் சொல்லிவிடுவோம். மாதவிடாய் வலிக்கும் இதே கதைதான், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

வெளியே போக நோட்டில் கையெழுத்து, சாயங்காலம் ஆறரைக்குள் உள்ளே. ஊருக்குப் போக அம்மாவோ அப்பாவோ பதிவு செய்த எண்ணிலிருந்து என்னிடம் பேச வேண்டும், சித்தப்பா மாமா என்று வேறு எண்ணிலிருந்து வந்தால் அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கலெக்டர் லீவு விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. 2023 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஆற்றில் தண்ணீர் கூடினால் நான் சொல்லும்வரை யாரும் கேட் தாண்டக் கூடாது.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பிள்ளைகள் புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆதார், பேங்க் பாஸ்புக் நகல்களைக் கையோடு கொண்டு வாருங்கள். மாதம் 1000 ரூபாய், பிள்ளையின் கணக்கிலேயே வரும். அப்பாமார்களே, அதை அவளே செலவு செய்யட்டும்.

ஞாயிறு வருகிறவர்கள் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் போதும், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வேனில் வருகிறவர்கள் சாமான் இறக்கியதும் பின்பக்க மைதானத்தில் நிறுத்துங்கள். மதியச் சாப்பாடு குடும்பத்துக்கே மெஸ்ஸில் உண்டு, கட்டுச்சோறு கட்டி அலைய வேண்டாம். மூன்று மணிக்கு ஹாலில் பெற்றோர் கூட்டம், ஐந்து மணிக்கு மணி அடிப்போம், அதற்குமேல் கேட்டில் நின்று கையாட்டிக்கொண்டிருக்காமல் வெளிச்சத்தோடு ஊர் போய்ச் சேருங்கள்.

அன்புடன்,
வார்டன்