சாப்பாட்டு ஹால் சுவரில் குத்தியிருந்த மேஜைப் பட்டியல்: பார்த்து எழுதியது

பெபின் – அனிஷா திருமணம்
திங்கள்கிழமை, 17.11.2025
மண்டபம்: மார்த்தாண்டம்

விளம்புகிற தம்பிமாருக்கும், வாசலில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு உட்கார வைக்கிறவர்களுக்கும்:

சாப்பாட்டு ஹாலின் வடக்குச் சுவரில் நான்கு சார்ட் பேப்பரை ஒட்டிச் சேர்த்து எங்கள் பாட்டா குத்தி வைத்திருக்கும் பட்டியல் இது. நேற்று ராத்திரி பெய்த மழையில் ஜன்னல் பக்கத்து மூலை நனைந்து மை பரவிவிட்டது. அதனால் முழுவதையும் பார்த்து எழுதியிருக்கிறேன். நனைந்த இடத்தைப் பாட்டாவிடமே கேட்டுச் சரிபார்த்தேன்.

வளைவு அடைப்புக்குள் இருப்பது பாட்டா எழுதியது. சதுர அடைப்புக்குள் இருப்பது நான் எழுதியது. பெயர்களை அவர் எழுதிய மாதிரியே விட்டிருக்கிறேன், முறையையும் மாற்றவில்லை. அவர் 'கொச்சன்' என்று எழுதியிருந்தால் கொச்சன்தான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அந்த ஆள் திரும்பிப் பார்ப்பார்.

பட்டியலில் பாட்டா மூன்று குறிகள் போட்டிருக்கிறார். சிவப்பு மையில் வட்டம் என்றால் சர்க்கரை உள்ளவர். முக்கோணம் என்றால் முட்டு வலி, கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். நட்சத்திரம் என்றால் தூரத்திலிருந்து வந்தவர், பஸ் பிடிக்க வேண்டும், முதலில் விளம்ப வேண்டும். நான் குறிக்குப் பதில் 'சர்க்கரை', 'முட்டு', 'பஸ்' என்று எழுதியிருக்கிறேன்.

இந்த 12 மேஜைகளும் வடக்குப் பக்கம் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் தெற்குப் பக்கம் பந்தி, எப்போதும்போல. போன வருஷம் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் லில்லிபாய் பாட்டி சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் மூன்று பந்தி நேரம் நின்றுகொண்டே இருந்தார். யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கடைசியில் சாப்பிடாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். பாட்டா அதை மறக்கவில்லை. பட்டியலின் முதல் பெயரைப் பார்த்தால் தெரியும். இனிப் பட்டியல்.

மேஜை 1 (வாசலுக்கு அடுத்தது, பேனுக்குக் கீழே. படி இல்லை)

லில்லிபாய் – கருங்கல் [முட்டு, சர்க்கரை]
ஞானபாய் – கருங்கல் [முட்டு]
தங்கப்பன் பாட்டா – மேல்புறம் [முட்டு] (காது கேட்காது, இலையைத் தொட்டுக் காட்டு)
அவருடைய மகள் ரோஸ்லெட் (பக்கத்தில் இருந்தாக வேண்டும்)
செல்லம்மை – அருமனை [சர்க்கரை]
சுந்தர்ராஜ் வாத்தியார் – திருவட்டார்
வாத்தியார் மனைவி
கமலபாய் – திங்கள்சந்தை [முட்டு, பஸ்]

[இந்த மேஜைக்கு 12 மணிக்கே இலை போட வேண்டும். சபையில் ஆராதனை முடிந்து கூட்டம் வருவதற்குள் இவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வாத்தியார் மனைவியின் பெயர் பாட்டாவுக்கே தெரியவில்லை. 'அறுபது வருஷமாக வாத்தியாரம்மாதான்' என்றார். அதனால் அப்படியே விட்டேன்.]

மேஜை 2 (அம்மா வழி)

பெரிய மாமா, மாமி, சின்ன மாமா [சர்க்கரை], மாமி, குலசேகரம் ராஜம் சித்தி, சித்தியின் மருமகள், கைக்குழந்தையோடு (சுவர் ஓரம் கொடு, தொட்டில் துணி கட்ட வளையம் உண்டு), தக்கலை ஸ்டீபன் அண்ணன், மைனி.

[மைனி இரண்டு பேர் வருகிறார்கள். இது ஸ்டீபன் அண்ணன் மனைவி. இன்னொரு மைனி மேஜை 5.]

மேஜை 3 (ரப்பர் தோட்டத்து ஆட்கள்)

கொச்சன் – பேச்சிப்பாறை ரோடு [பஸ்]
கொச்சனின் தம்பி
தேவதாஸ் – களியல் [பஸ், முட்டு]
பொன்னையன் – கடையால் [பஸ்]
பொன்னையன் மனைவி
ராஜமணி – களியல் [பஸ்]
வேலப்பன் [சர்க்கரை]
[எட்டாவது இடத்தில் பாட்டா முதலில் தன் பெயரை எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு மேலே 'மணியன் – ஆறுகாணி' என்று எழுதியிருக்கிறார். அடித்தது நன்றாகவே வாசிக்கக் கிடைக்கிறது.]

[இவர்கள் பாட்டாவோடு முப்பது வருஷம் பால் வெட்டியவர்கள். விடியும் முன்னே எழுந்து பழகியவர்கள், பசி சீக்கிரம் வந்துவிடும். மலைப் பக்கம் போகிற பஸ் அதிகம் கிடையாது, அதனால் இந்த மேஜைக்குக் கூட்டுகறி, பாயசம் எதுவும் தாமதிக்க வேண்டாம். மணியன் தாத்தா வருவது போன வியாழக்கிழமைதான் தெரிந்தது. நாற்காலி ஒன்று கூடப் போடலாமே என்று கேட்டேன். 'எட்டுக்கு மேல் போட்டால் இலை ஒன்றோடொன்று இடிக்கும்' என்று சொல்லிவிட்டார்.]

மேஜை 4 (அக்கரை ஆட்கள்)

[இந்த மேஜையின் எல்லாப் பெயரும் மலையாள எழுத்தில் இருந்தது. பாட்டா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்கு 13 வயது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. கல்யாணம் கட்டி அந்தப் பக்கம் போன அவருடைய தங்கையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலையாளம்தான் வாசிப்பார்கள். வந்தவர்கள் யாரையும் கேட்காமல் சுவரைப் பார்த்து அவரவர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அப்படி எழுதியிருக்கிறார். எனக்கு அந்த எழுத்து வராது. அவர் விரல் வைத்து வாசிக்க, நான் எழுதினேன். வாசலில் ஒட்டுகிற நகலில் இந்த மேஜைக்கு மட்டும் அவர் எழுதியதையே போட்டோ எடுத்து ஒட்டியிருக்கிறேன்.]

சரோஜம் – பாறசாலை [முட்டு, சர்க்கரை] (என் தங்கை. முதல் இலை)
சரோஜத்தின் மகன் விஜயன்
விஜயன் மனைவி லதா
பிள்ளைகள் இரண்டு
சுதாகரன் – நெய்யாற்றின்கரை [பஸ்]
சுதாகரனின் அம்மை [முட்டு]
பிந்து – பாறசாலை

[பாறசாலைப் பாட்டிக்குச் சர்க்கரை உண்டு, ஆனாலும் அடைப்பிரதமன் கேட்பார். அரைக் கரண்டி விடச் சொல்லியிருக்கிறார் பாட்டா.]

மேஜை 5 (அப்பா வழி)

பெரியப்பா, பெரியம்மை, ஜெயசிங் சித்தப்பா, சித்தி, கிறிஸ்துராஜ் அண்ணன், மைனி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர்.

மேஜை 6 (அண்டி ஆபீஸ். இவர்கள் கடைசிப் பந்திக்கு நிற்க வேண்டாம்)

[அடைப்புக்குள் இருக்கும் வரியின் அடியில் இரண்டு கோடு.]

மேரி ஸ்டெல்லா
புஷ்பபாய்
வசந்தா [முட்டு]
ரெத்தினபாய்
சுசீலா
ராஜேஸ்வரி
அமலி
தங்கம் [சர்க்கரை]

[அம்மாவோடு முந்திரித் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் இருந்து அண்டி தல்லியவர்கள். அனிஷாவின் நிச்சயத்துக்கு வந்தபோது, 'நாங்க அப்புறம் சாப்பிடுகோம் பிள்ளே' என்று சொல்லி அடுக்களையில் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள். இந்தத் தடவையும் அப்படிச் சொல்வார்கள், கேட்க வேண்டாம். கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். அண்டிப் பாலில் பொள்ளிய விரல்கள் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். சாம்பாரும் ரசமும் கொதிக்கக் கொதிக்க விட வேண்டாம், கொஞ்சம் ஆறவைத்து விடுங்கள்.]

மேஜை 7 (அப்பாவின் கூட்டுக்காரர்கள்)

அல்போன்ஸ் – தூத்தூர் (போட் கரைக்கு வந்தால்)
ஜெரால்டு – தூத்தூர் (போட் கரைக்கு வந்தால்)
அல்போன்ஸ் மனைவி பெல்லா
ஜெரால்டு மனைவி
மரிய செல்வம் – குளச்சல்
சூசை – முட்டம்
சாகுல் அண்ணன் – திருவிதாங்கோடு
சாகுல் அண்ணன் மனைவி

[அப்பா மீன் வண்டி ஓட்டியதில் வந்த சிநேகம் எல்லாம் இந்த மேஜையில்தான். போட் வராவிட்டாலும் அந்த இரண்டு நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆழ்கடல் போனவர்கள் எந்த நேரத்தில் கரை பிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு மணிக்கு வந்தாலும் அவர்களுக்கு இலை இருக்க வேண்டும்.]

மேஜை 8, 9, 10 (மாப்பிள்ளை வீட்டார், நாகர்கோவில்)

[இதில் பெயர் இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா தந்த துண்டுத் தாளைப் பாட்டா அப்படியே சார்ட்டில் ஒட்டியிருக்கிறார். அதில் உள்ளது:]

8 – பெரியவர்கள், எட்டுப் பேர். மூன்று பேருக்குச் சர்க்கரை, கேட்டு விளம்பவும்.
9 – சுசீந்திரம், கொட்டாரம் ஆட்கள்.
10 – வேன் ஆட்கள், இளவட்டம்.

[அவர்கள் ஆட்களை அவர்களே உட்கார வைப்பார்கள். நாம் இலை, தண்ணீர், விளம்புவது மட்டும் பார்த்தால் போதும்.]

மேஜை 11 (சபையும் அயலும்)

போதகர் ஐயா, அம்மா, சபைச் செயலர், வாத்தியக் குழுவின் எட்வின், மேல வீட்டுப் பத்மநாபன் அண்ணன், பகவதி அக்கா [சர்க்கரை], கீழ வீட்டு மாதவி அம்மை [முட்டு], மாதவி அம்மையின் பேத்தி.

(ஜெபம் முடிந்துதான் எல்லா மேஜையும் தொடங்கணும். மேஜை 1 மட்டும் காத்திருக்க வேண்டாம். போதகர் ஐயாவிடம் சொல்லியாச்சு.)

மேஜை 12 (வேலைக்கு வந்தவர்கள்)

போட்டோ எடுப்பவர் இரண்டு பேர்
பந்தல் ஆள் ஒருவர்
தோவாளையிலிருந்து பூ கொண்டுவருகிறவர் [பஸ்]
டிரைவர்மார் நாலு பேர் (பெயர் கேட்டு எழுதணும்)

[அந்த வரியின் கீழே பென்சிலால் தம்பி எழுதியிருக்கிறான்: அஜின், மோகன், சுரேஷ், இன்னொரு சுரேஷ். பூக்காரர் விடியும் முன்பே வந்துவிடுவார், மத்தியானம் வரை நிற்க முடியாது. அவருக்கு மட்டும் காலைப் பலகாரத்தோடு ஒரு பொதி கட்டிக் கொடுக்க வேண்டும். மணி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.]

சார்ட்டின் அடியில், நீல மையில்:

(இலை போட்டதும் உப்பு, இஞ்சிக்கறி, நாரங்காய், துவரன், அவியல், எரிசேரி, கிச்சடி, உப்பேரி. அப்புறம்தான் சோறு. பருப்பும் நெய்யும் முதலில். சாம்பார், புளிசேரி, ரசம். பாயசம் இரண்டு: அடை முதலில், அப்புறம் பால் பாயசம் போளியோடு. மட்டிப்பழம் எல்லா இலையிலும். மோர் கேட்காமலே கொண்டு போகணும்.)

(எழுந்திருக்க முடியாதவர்களிடம் கை கழுவத் தண்ணியும் பாத்திரமும் கொண்டு போகணும். அவர்களை நடக்க வைக்கக் கூடாது.)

[பட்டியல் இத்துடன் முடிகிறது. மொத்தம் 96 நாற்காலி, எண்ணிப் பார்த்தேன். நகல் மூன்று: ஒன்று வாசலில், ஒன்று விளம்புகிற பொறுப்பில் இருக்கும் மணி மாமாவிடம், ஒன்று அடுக்களை வாசலில். சுவரில் இருப்பதைக் கழற்ற வேண்டாம். மண்டபத்துக்காரர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் சுத்தம் செய்வதற்குள் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பின் குத்திய இடத்தில் கிழிந்துவிடாமல் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

தம்பிமாரே, ஒன்று மட்டும் பட்டியலுக்கு வெளியே சொல்கிறேன். மேஜை 3-லிருந்து தன் பெயரை அடித்த பிறகு பாட்டா வேறு எந்த மேஜையிலும் அதை எழுதவில்லை. அவர் வாசலில் நிற்பார், பிறகு மேஜை மேஜையாக நடப்பார். ஒன்றரை மணிக்கு நான் அவரை மேஜை 7-க்குக் கூட்டி வருவேன். போட் வந்திருந்தால் மேஜை 1-ல் தங்கப்பன் பாட்டா எழுந்த இடத்துக்கு. அவருக்கும் முட்டு வலி உண்டு, தனக்கு மட்டும் முக்கோணம் போட்டுக்கொள்ளவில்லை. சர்க்கரை இல்லை, இரண்டு பாயசமும் விடலாம்.

– அஜிதா, ஞாயிறு இரவு 10.40]