கோஷி தேற்றம்: சரத்தைச் சுத்திவிட்டுப் பாரு

செல்வி, நேத்து நீ வராத வகுப்புல கோஷி தேற்றத்தை நடத்தி முடிச்சிட்டாங்க. நோட்டுல ரெண்டு பக்கம் வருது, ஆனா உள்ளே இருக்குற யோசனை ஒண்ணுதான். அதைப் பிடிச்சிட்டா மிச்சத்தை நீயே எழுதிடுவே.

தேற்றம் இதுதான்: G ஒரு முடிவுறு குலம், அதோட வரிசை n. p-ங்கற பகா எண் n-ஐ வகுத்தா, G-ல வரிசை p உள்ள உறுப்பு ஒண்ணு கட்டாயம் இருக்கும்.

அந்த உறுப்பை நேரடியாத் தேடாதே. பெருக்கினா e வர்ற, p நீளமுள்ள சரங்களை எல்லாம் எடுத்துக்கோ: (a₁, a₂, …, aₚ), a₁a₂…aₚ = e. முதல் p−1 இடத்துல எதை வேணா போடலாம். கடைசி இடம் தானா முடிவாகிடும். அதனால மொத்தம் nᵖ⁻¹ சரம். p n-ஐ வகுக்குறதால இதையும் வகுக்கும்.

இனிதான் உயிர்நாடி. முதல் உறுப்பை எடுத்துக் கடைசியில போடு. அப்பவும் பெருக்கல் e-தான், ஏன்னா a₂…aₚ = a₁⁻¹; அதை வலப்பக்கம் a₁-ஆல பெருக்கினா e. குலம் பரிமாற்றுக் குலமா இருக்கணும்னு எங்கேயும் தேவைப்படல, கவனிச்சியா? எனக்கு இந்த நிரூபணத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இது.

இப்படிச் சுத்திக்கிட்டே போனா சரங்கள் கூட்டம் கூட்டமாப் பிரியும். d தடவையில முதல்முறையா பழைய சரமே திரும்பி வந்தா, d p-ஐ வகுக்கணும். p பகா எண், அதனால ஒரு கூட்டத்துல 1 சரம் இருக்கும், இல்லேன்னா p சரம் இருக்கும். தனியா நிக்கிறது (a, a, …, a) மட்டும்தான், அதாவது aᵖ = e. அப்படிப்பட்டது k இருந்தா

nᵖ⁻¹ = k + p·m

அதனால p k-ஐயும் வகுக்கும். (e, e, …, e) ஏற்கனவே இருக்கு, k பூச்சியம் இல்ல. அப்போ k குறைஞ்சது p. e தவிர இன்னொரு a இருந்தே ஆகணும். aᵖ = e, a ≠ e, p பகா எண்; அதனால a-வோட வரிசை p. முடிஞ்சது.

S₃-ல p = 3 வச்சு நான் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 36 சரம். தனியா நிக்கிறது 3: e-யும் ரெண்டு மூவுறுப்புச் சுழற்சிகளும். மிச்சம் 33, மும்மூணா 11 கூட்டம். சரியா வந்துச்சு.

பாடப்புத்தகத்துல தொகுத்தறிதல் வழியில நீளமாப் போகும். இந்த வழியை மெக்கே 1959-ல ஒரு சின்னக் கட்டுரையா எழுதினார்.

பரீட்சையில "p பகா எண்ணா இல்லேன்னா எங்கே உடையும்?"னு கேட்கலாம். p-க்குப் பதிலா 4 போட்டா (a, b, a, b) ரெண்டே சுத்துல திரும்பிடும், கூட்டக் கணக்கு அங்கேயே போச்சு. நாலு உறுப்புள்ள கிளைன் குலத்துல வரிசை 4 உள்ள உறுப்பே இல்லைங்கறதையும் சேர்த்து எழுதிடு.