திட்ட அட்டவணைப் படத்தைப் படிக்கும் விதம்

வணக்கம். நீங்கள் கேட்ட கான்ட் சார்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். இடப்பக்கம் வேலைகள், மேலே தேதிகள். ஒவ்வொரு பட்டையின் நீளமும் அந்த வேலைக்கான நாட்கள். உள்ளே அடர்ந்த பகுதி முடிந்த அளவு. சனி, ஞாயிறு கணக்கில் இல்லை.

அம்புக்குறிகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 'டிசைன்' மார்ச் 6-ல் முடிகிறது. அதன் நுனியிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்புகின்றன. ஒன்று 'பேமென்ட் இணைப்பு'க்கு (மார்ச் 9–20), இன்னொன்று உங்களுடைய 'எஸ்எம்எஸ் அறிவிப்பு'க்கு (மார்ச் 9–13). இரண்டும் முடிந்தால்தான் 23-ல் டெஸ்டிங் தொடங்கும்.

சிவப்பில் இருப்பது கிரிட்டிக்கல் பாத்: டிசைன், பேமென்ட், டெஸ்டிங், 30-ம் தேதி வெளியீடு (அந்த வைரக்கட்டம்). இதில் ஒரு நாள் தள்ளினால் வெளியீடும் ஒரு நாள் தள்ளும். உங்கள் பட்டை நீலம். ஐந்து வேலைநாள் இடைவெளி இருக்கிறது. அதையும் தாண்டினால் நீங்களும் சிவப்புதான்!

செங்குத்துக் கோடு இன்றைய தேதி, மார்ச் 11. பேமென்ட் பட்டையின் அடர்ந்த பகுதி கோட்டைத் தொடவில்லை, பாருங்கள். வங்கியின் டெஸ்ட் கணக்கு தாமதமாகத்தான் கிடைத்தது. அதனால் நாளை காலைக் கூட்டத்தில் முதல் பேச்சே அதுதான். உங்கள் வேலை எவ்வளவு முடிந்தது என்பதை இன்று மாலைக்குள் ஷீட்டில் போட்டுவிடுங்கள்.