ஐம்புலன்கள்: புதிர்ப் பெட்டியும் முகரும் மேசையும் கேட்கும் மூலையும்

வகுப்பு: நான்கு வயது மழலையர், 15 பேர்
நேரம்: காலை, 40 நிமிடங்கள்
பொறுப்பு: வகுப்பாசிரியர் ஒருவர், உதவியாளர் இருவர்

நோக்கம்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்தும் என்ன செய்கின்றன என்பதைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். இந்த வயதில் பெரும்பாலோருக்கு உறுப்புகளின் பெயர்கள் தெரிந்திருக்கும் என்பதால், பெயர்களை ஒப்பிக்க வைப்பதில் நேரம் செலவிட வேண்டாம். ஒரு பொருளைத் தொட்டோ முகர்ந்தோ கேட்டோ பார்த்த பிறகு, அது இன்னதென்று சொல்வதற்கு முன்பே "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லையாவது சொல்ல வைப்பதே இன்றைய பாடத்தின் உண்மையான வேலை. சொரசொரப்பு, வழவழப்பு, மெத்தென்று, சில்லென்று, கலகல, சலசல என நம் மொழியில் இதற்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஆசிரியர் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

முன்தயாரிப்பு

பாடத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே, ஒவ்வாமை, ஆஸ்துமா, வாசனை பட்டால் வரும் தலைவலி அல்லது வாந்தி உணர்வு பற்றிப் பெற்றோரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவும். யாருக்கேனும் ஒவ்வாமை தரும் பொருள் இருந்தால், அந்தப் பிள்ளையை மட்டும் மேசையிலிருந்து விலக்காமல், அந்தப் பொருளையே வகுப்பிலிருந்து விலக்கிவிடவும். நிலக்கடலையும் பிற கொட்டை வகைகளும் எப்படியும் வேண்டாம்.

புதிர்ப் பெட்டிக்குக் காலணி அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, பழைய காலுறையின் முனையை நறுக்கி உட்புறமாக ஒட்டினால், கை போகும், கண் போகாது. எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும், ஆசிரியர் பொருளை மாற்றுவதற்கும், உள்ளே கை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதற்கும் அது உதவும். உள்ளே வைக்க மரக்கரண்டி, பாத்திரம் தேய்க்கும் மென்மையான பஞ்சு, தலை சீவும் பிரஷ், பெரிய ரப்பர் பந்து, உலோகக் கிண்ணம், கம்பளித் துணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளவும். 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் விழக்கூடிய எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கருதி ஒதுக்கிவிடவும். காந்தத் துண்டும் பட்டன் பேட்டரியும் விழுங்கினால் குடலையும் உணவுக்குழாயையும் கடுமையாகப் புண்ணாக்கும். பேட்டரி பொருத்திய விளையாட்டுப் பொருளைக்கூட இன்று பயன்படுத்த வேண்டாம்.

தொடக்கம்: 8 நிமிடங்கள்

பிள்ளைகள் வட்டமாக அமர்ந்ததும் ஆசிரியர் எதுவும் பேசாமல் ஒரு காகிதத்தை மெல்லக் கிழிக்கிறார், பிறகு, "இப்போது எதைக் கேட்டீர்கள்? எதனால் கேட்டீர்கள்?" என்கிறார். அதே காகிதத்தைப் பார்க்கவும் தடவவும் கொடுக்கிறார். ஒரே பொருளைப் பல புலன்களால் அறியலாம் என்பது இதிலேயே புரிந்துவிடும். சுவைக்கு இன்று தனி மேசை இல்லை. அதற்கு ஒரு வாக்கியம் போதும்: "நாக்கு சாப்பிடும்போது வேலை செய்யும், வகுப்பில் எதையும் வாயில் வைக்க மாட்டோம்." இந்த விதியைப் பிள்ளைகள் மூன்று முறை கைதட்டியபடி திருப்பிச் சொல்லட்டும்.

பின்னர் ஐவர் ஐவராக மூன்று குழுக்கள். ஒவ்வோர் இடத்திலும் 8 நிமிடங்கள்; சிறு மணி அடித்ததும் இடம் மாற வேண்டும்.

புதிர்ப் பெட்டி (வகுப்பாசிரியர்)

"கையை உள்ளே விடு. பெயர் சொல்லாதே. குளிர்ச்சியா, வெதுவெதுப்பா? குத்துகிறதா, வழுக்குகிறதா?" என்று ஒருவரிடம் கேட்க, மற்ற நால்வரும் அவர் சொல்லும் சொற்களை வைத்தே பொருளை ஊகிக்கின்றனர். உலோகக் கிண்ணத்தைத் தொட்டவர் "சில்லுன்னு இருக்கு" என்றால், "சில்லென்று இருக்கிறதாம்! வேறு என்ன?" என்று அந்தச் சொல்லையே திருப்பித் தரவும். தவறான விடை வந்தாலும் திருத்த வேண்டாம். பொருளை வெளியே எடுத்துக் காட்டுவதே போதுமான திருத்தம்.

கையை உள்ளே விட அஞ்சும் பிள்ளை ஒன்றிரண்டு எல்லா வகுப்பிலும் இருக்கும். "பயப்படாதே" என்று வற்புறுத்துவதால் பயம் கூடுமே தவிரக் குறையாது. பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டி, பார்த்தபடியே தொடச் சொல்லவும். ஈரமானவை, பிசுபிசுப்பானவை, உயிருள்ளவை ஆகியவற்றை வைத்துத் திடுக்கிட வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதன்பின் அந்தப் பெட்டியை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

முகரும் மேசை (உதவியாளர் ஒருவர்)

மூடியில் துளையிட்ட நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள்: எலுமிச்சைத் தோல், கசக்கிய புதினா இலை, மெல்லிய துணியில் முடிந்த காபித்தூள், இலவங்கப்பட்டைத் துண்டு. மூடிகள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தூளைத் துணியில் முடியாமல் வைத்தால், பிள்ளைகள் பலமாக மூச்சை இழுக்கையில் அது மூக்குக்குள் ஏறும். மிளகுத்தூளும் மிளகாய்த்தூளும் துணியில் முடிந்தாலும் கூடாது. கற்பூரம், பூச்சி உருண்டை, தைலம், வாசனை எண்ணெய், சென்ட், துப்புரவுத் திரவம் ஆகியவற்றை இந்த மேசைக்கு அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம். கற்பூரம் சிறிதளவு வாய்க்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

டப்பாவை மூக்கில் ஒட்டவைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மறு கையால் விசிறி வாசனையை வரவழைக்கும் முறையை உதவியாளர் முதலில் செய்து காட்டுகிறார். "டப்பாவில் என்ன இருந்தாலும், அது எதுவென்று தெரியாதபோது இப்படித்தான் முகர வேண்டும், வீட்டில் பெரியவர் இல்லாமல் எந்தப் புட்டியையும் திறந்து முகரக் கூடாது" என்பதையும் அப்போதே சொல்லிவிடவும். ஒரே வாசனையில் மூக்கு விரைவில் பழகிவிடும் என்பதால், ஒவ்வொரு டப்பாவுக்கும் இடையில் பிள்ளைகள் சன்னல் பக்கம் திரும்பி இரண்டு மூச்சு விடட்டும். "பிடிக்கவில்லை" என்பதும் நல்ல விடைதான். அதற்கு மேல் முகர வைக்க வேண்டாம்.

கேட்கும் மூலை (இன்னொரு உதவியாளர்)

உள்ளே இருப்பது தெரியாத ஆறு புட்டிகள், மூன்று இணைகள்: அரிசி, கூழாங்கல், பஞ்சு. கால்பாகம் மட்டும் நிரப்பி, மூடியைப் பசையிட்டு, மேலே டேப் சுற்றவும். குலுக்கிப் பார்த்து ஒத்த ஓசையுள்ள இணையைச் சேர்ப்பதே விளையாட்டு. பஞ்சுப் புட்டியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்: மீண்டும் மீண்டும் குலுக்குவார்கள், காதோடு ஒட்டவைப்பார்கள், கடைசியில் "இதில் ஒன்றுமே கேட்கவில்லை" என்பார்கள். அந்த வாக்கியம் வந்ததும், "அப்படியானால் இதே மாதிரி இன்னொன்று எங்கே?" என்று கேட்கவும்.

நேரம் மிஞ்சினால், உதவியாளர் திரைக்குப் பின்னிருந்து சாவிக்கொத்தை ஆட்டலாம், ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம். விசில், ஹெட்போன் வேண்டாம். காதருகே எதையும் தட்டவும் வேண்டாம். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் 75 டெசிபலே பாதுகாப்பான அளவு என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கத்திப் பேசாமல் உரையாட முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது வகுப்பறைக்கு எளிய வழி. கேட்கும் திறன் குறைந்த பிள்ளை குழுவில் இருந்தால், புட்டியை உள்ளங்கைகளுக்கு இடையே பிடித்துக் குலுக்கி அதிர்வை உணரட்டும். மற்றவர்களும் ஒருமுறை அவ்வாறே செய்தால், ஓசை என்பது அதிர்வுதான் என்பதைக் கையாலேயே அறிவார்கள்.

நிறைவு: 8 நிமிடங்கள்

மீண்டும் வட்டம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒன்றைப் பெயர் சொல்லாமல் விவரிக்க, மற்றவர்கள் அதை அறிந்த உறுப்பைத் தொட்டுக் காட்டுகின்றனர். புதிதாக ஒரு விவரிப்புச் சொல்லைப் பயன்படுத்தியவர் யார், பேசாமல் சைகையால் காட்டியவர் யார் என்பதை மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் போதும்; மதிப்பெண் வேண்டாம். ஓசையைக் கவனிக்கவே இல்லை என்று தோன்றிய பிள்ளையின் பெயரைத் தனியே குறித்து, பெற்றோரிடம் பேசவும்.

பாடம் முடிந்ததும் அனைவரும் சோப்பால் கை கழுவ வேண்டும். தோலும் இலையும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அன்றே குப்பையில் போடவும். பெட்டிப் பொருட்களைத் துடைத்து உலர்த்தவும். புட்டிகளை அடுத்த முறை எடுப்பதற்கு முன் டேப் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவும்.